அழைப்பிதழை இணைத்தேன், ஆனாலும் சி.எல். போட்டுவிட்டார்கள்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மணிமுத்தாறில் ஒரு தொண்டு அமைப்பு ஆசிரியர்களுக்கு நீர்ப்பறவைக் கணக்கெடுப்புப் பயிற்சி முகாம் நடத்தியது. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழைப் பிரிண்ட் எடுத்து, விடுப்பு விண்ணப்பத்தில் 'சி.எல்.' என்பதை அடித்துவிட்டு 'ஓ.டி. மாற்றுப்பணி' என்று எழுதி, வியாழன் மாலை ஹெச்.எம். சாரிடம் கொடுத்தேன். "வச்சுட்டுப் போங்க டீச்சர், பாத்துக்கிடலாம்" என்றார். திங்களன்று பார்த்தால் பதிவேட்டில் சி.எல். போட்டிருக்கிறது. கேட்டால் "ஆர்டர் எங்கே?" என்கிறார். முறையான அழைப்பு இருக்கும்போது ஓ.டி. என் உரிமை இல்லையா? இந்த ஆண்டுக்கு இனி ஒரு சி.எல்.தான் மிச்சம். இன்கிரிமென்ட் பாதிக்குமா? இன்னொரு டீச்சர், "அந்தக் கட்டத்துல கையெழுத்தப் போட்டுருங்க, யாரு பாக்கப் போறா" என்கிறார். ஜனவரியில் தென்காசி மாவட்டத்தில் அடுத்த முகாம் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் நியாயம் கிடைக்குமா?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில் (பணிச் சட்ட வழக்கறிஞர், பாளையங்கோட்டை):

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கையெழுத்து விஷயம். தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் பள்ளியில் இல்லாத ஒரு நாளுக்கான கட்டத்தில், மூன்று நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டால் அது ஓ.டி. ஆகாது, பொய்ப் பதிவு ஆகும். அன்று காலை செயலியில் பதிவான வருகையும் உங்கள் கையெழுத்தும் முரண்பட்டு நிற்கும். இன்றைக்கு உங்கள் பக்கம் இருப்பது ஒரு நாள் விடுப்புப் பற்றிய சின்ன மனக்குறை. கையெழுத்துப் போட்ட மறுநிமிடம் அது பதிவேட்டைத் திருத்திய குற்றச்சாட்டாக மாறிவிடும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(பி) குற்றக் குறிப்பாணை வரைக்கும் அதைக் கொண்டுபோக ஒருவர் நினைத்தால் முடியும். உங்கள் தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் வேண்டாம்.

அடுத்து, மனதைக் கொஞ்சம் லேசாக்கிக்கொள்ளுங்கள். தற்செயல் விடுப்பு எடுத்த நாள் பணிக்கு வராத நாளாகக் கணக்கிடப்படுவதில்லை. சம்பளம் பிடிப்பதில்லை. அதனால் ஆண்டு ஊதிய உயர்வு தள்ளிப்போகாது, பணிக்காலத்தில் முறிவும் வராது. அனுமதி இல்லாமல் வராமல் இருப்பதுதான் அந்தத் தொல்லைகளைத் தரும். உங்கள் ஹெச்.எம். 'ஆப்சென்ட்' என்று போடாமல் சி.எல். என்று போட்டது, ஒரு வகையில் உங்களைக் காப்பாற்றிய செயல். நீங்கள் இழந்தது 12 நாளில் ஒரு நாள். அதோடு, பள்ளிக்காகப் போன நாள் சொந்த வேலைக்குப் போன நாளாக ஏட்டில் நிற்கிறது. அந்த இரண்டாவது வருத்தம் நியாயமானது. அதைச் சரிசெய்யப் பார்ப்போம்.

### ஓ.டி.யை யார் தருகிறார்?

உங்கள் கடிதம் முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அழைப்பு வந்துவிட்டது, ஆகவே ஓ.டி. வந்துவிட்டது என்ற நம்பிக்கை. அது சரியில்லை. அழைப்பவருக்கு உங்களை அழைக்க மட்டும்தான் முடியும். உங்களை அந்த ஒரு நாள் பள்ளியிலிருந்து விடுவித்து, வெளியே இருந்த நேரத்தையும் பணிநேரமாகக் கருத உங்கள் துறையால் மட்டும்தான் முடியும். எது 'பணி' என்பதை அடிப்படை விதி 9(6) சொல்கிறது. பயிற்சியில் இருக்கும் காலத்தையும் பணியாகக் கருதலாம் என்று அதில் இடம் உண்டு. ஆனால் அப்படிக் கருதுவதற்கு ஓர் ஆணை வேண்டும். பயிற்சிக்குப் போனதாலேயே அது தானாகப் பணி ஆகிவிடாது.

துறைப் பயிற்சியில் இந்த வித்தியாசம் நம் கண்ணில் படுவதே இல்லை. முனைஞ்சிப்பட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் உங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி என்றால், முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள் ஒன்று ந.க. எண்ணோடும் தேதியோடும் பள்ளிக்கு வரும். அதன் பின்னிணைப்பில் உங்கள் பெயர் இருக்கும். ஹெச்.எம். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதி ஓ.டி. போடுவார். நீங்கள் விண்ணப்பமே எழுதியிருக்க மாட்டீர்கள். ஆகவே 'பயிற்சி என்றால் ஓ.டி.' என்று மனதில் படிந்துவிடுகிறது. உண்மையில் அங்கே ஓ.டி. தந்தது பயிற்சி அல்ல, அந்தச் செயல்முறைக் கடிதம்.

மணிமுத்தாறு முகாமை நடத்தியது ஒரு தொண்டு அமைப்பு. அது எவ்வளவு நல்ல அமைப்பாக இருந்தாலும், உங்கள் துறைக்கு அது வெளியார். அவர்கள் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஹெச்.எம். ஓ.டி. போட்டால், ஆண்டாய்வுக்கு வருகிற அதிகாரியோ தணிக்கையாளரோ அந்தக் கட்டத்தில் விரல் வைத்து "எந்த ஆணைப்படி?" என்று கேட்பார். அப்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, அவர். "ஆர்டர் எங்கே?" என்று அவர் கேட்டது முரட்டுத்தனமாகத் தெரிந்திருக்கலாம். அந்தக் கட்டத்தில் எழுத அவருக்கு ஓர் எண் தேவை, அவ்வளவுதான். அந்த எண்ணை அவர் கையில் கொடுக்கும் வழியைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

"பாத்துக்கிடலாம்" என்பதை நீங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டீர்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு 'சரி' என்றும் பொருள் உண்டு, 'பிறகு யோசிப்போம்' என்றும் பொருள் உண்டு. பணி விஷயத்தில் வாய்மொழி அனுமதியை நம்பிப் போனவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருந்ததில்லை.

### அழைப்பிதழ் வேறு, அழைப்புக் கடிதம் வேறு

நீங்கள் அனுப்பிய இணைப்பைப் பார்த்தேன். நீலப் பின்னணியில் நாரை படம், மேலே அமைப்பின் சின்னம், 'ஆசிரியப் பெருமக்கள் அனைவரும் வருக' என்ற வரி, கீழே இரண்டு கைப்பேசி எண்கள். அழகாக இருக்கிறது. ஆனால் அது அழைப்பிதழ். கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் வருவது போன்றது. யாருக்கும் குறிப்பாக எழுதப்படவில்லை, யாரும் கையெழுத்திடவில்லை, கடித எண்ணோ கடிதத் தேதியோ இல்லை. முகாம் எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிகிறது என்பதுகூட இல்லை.

அலுவலகத்துக்குத் தேவை அழைப்புக் கடிதம். அமைப்பின் முகவரித்தாளில், எண்ணும் தேதியும் இட்டு, பொறுப்பானவர் கையொப்பமும் முத்திரையும் வைத்து வர வேண்டும். யாருக்கு எழுதப்படுகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உங்கள் பெயருக்கு எழுதினால் அது உங்கள் சொந்தத் தபால். உங்கள் தலைமை ஆசிரியருக்கு எழுதி, 'தங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியரை இந்த நாளில் இந்த நேரத்துக்கு இந்தப் பயிற்சியில் பங்கேற்க அனுமதித்துப் பணிவிடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று இருந்தால், அது பள்ளிக்கு வந்த தபால். அதைத் தபால் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும், அதற்கு ஒரு பதிலும் போயாக வேண்டும். அந்த ஒரு வரி மாற்றத்தில் விஷயம் உங்கள் விருப்பம் என்ற நிலையிலிருந்து பள்ளியின் வேலை என்ற நிலைக்கு வந்துவிடுகிறது.

அமைப்பாளர்களிடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆசிரியர்களைக் கூப்பிடுகிற எந்த அமைப்புக்கும் இந்தத் தேவை புரியும். கடிதத்தில் மதிப்பூதியம், பயணச் செலவு பற்றி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பயிற்சி பெறப் போகிறவருக்கு அமைப்பே பஸ் கட்டணம் தந்தால், அதே பயணத்துக்கு அரசிடம் பயணப்படி கேட்கக் கூடாது. என்றைக்காவது பயிற்சி தருபவராகப் போய் மதிப்பூதியம் வாங்குவதாக இருந்தால் அதற்குத் தனியாக முன் அனுமதி வேண்டும். அந்தச் செய்தியை மறைத்து ஓ.டி. கேட்டால், பின்னால் ஓ.டி.யும் கெடும், பெயரும் கெடும்.

உங்கள் விண்ணப்பத்தில் இன்னும் இரண்டு வழுக்கல்கள் இருந்தன. ஒன்று, விடுப்புப் படிவத்தில் எழுதியது. விடுப்புப் படிவத்தில் என்ன கேட்டாலும் அது விடுப்புக் கேட்டதாகத்தான் நிற்கும். சி.எல். என்பதை நீங்கள் அடித்தாலும், 'விடுப்பு விண்ணப்பம்' என்ற தலைப்பு அப்படியே இருந்தது. ஹெச்.எம். அந்தப் படிவத்தின்படி தன்னால் தர முடிந்ததைத் தந்துவிட்டார். இரண்டாவது, 'மாற்றுப்பணி' என்ற சொல். நம் துறையில் அது ஓர் ஆசிரியரை வேறொரு பள்ளிக்குப் பணியாற்ற அனுப்புவதைக் குறிக்கும். ஒரு நாள் முகாமுக்கு அதை எழுதினால் எழுத்தருக்கே குழப்பம் வரும். 'பணிநாளாகக் கருதி அனுமதி' என்று எழுதுங்கள், போதும். பேச்சில் எல்லோரும் ஓ.டி. என்பதால் அதையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

### நவம்பர் நாளை மீட்க முடியுமா?

முடியலாம். ஆனால் இதைக் கேட்டுப் பெறத்தான் முடியும், உரிமையாகக் கோரிப் பெற முடியாது. நடந்து முடிந்த ஒன்றுக்குப் பின்னால் தருகிற ஒப்புதலைப் பின்னேற்பு என்பார்கள். தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்புரிமை.

எழுதுகிற மனுவில் புகார்த் தொனி வேண்டாம். 'தலைமை ஆசிரியர் ஏமாற்றிவிட்டார்' என்ற பொருள் எங்கும் வரக் கூடாது, ஏனென்றால் அந்த மனு அவர் மேசை வழியாகத்தான் மேலே போக வேண்டும். அவர் பரிந்துரைத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. மனுவை மாவட்டக் கல்வி அலுவலருக்கு, உரிய வழியாக, அதாவது தலைமை ஆசிரியர் வழியாக எழுதுங்கள். இன்ன தேதியில் இன்ன முகாமில் பங்கேற்றேன், முன்னதாக விண்ணப்பமும் கொடுத்தேன், மேலதிகாரியின் ஆணை பெற வேண்டும் என்று அறியாததால் அந்த நாள் தற்செயல் விடுப்பாகப் பதிவாகிவிட்டது, அதைப் பணிநாளாகக் கருதிப் பின்னேற்பு ஆணை வழங்க வேண்டுகிறேன் என்று நாலு வரியில் சொன்னால் போதும். அறியாமையை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. அதிகாரிக்கு உதவ ஒரு காரணம் கிடைக்கும்.

இணைக்க வேண்டியவற்றில் வியாழக்கிழமை கொடுத்த விண்ணப்பத்தின் நகல் முக்கியம், ஏனென்றால் முன்கூட்டியே கேட்டீர்கள் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. கையில் நகல் இல்லையென்றால் ஹெச்.எம்.மிடம் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது பங்கேற்புச் சான்று. உங்களிடம் இருப்பது சட்டம் போட்டு மாட்டுகிற பாராட்டுச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. அதில் தேதி உண்டு, நேரம் இல்லை. 'காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை முழுமையாகப் பங்கேற்றார்' என்று முத்திரையோடு ஒரு வருகைச் சான்று கேட்டு வாங்குங்கள். அதோடு, அழைப்பிதழுக்குப் பதிலாக இப்போது ஒரு கடிதம் தருவார்கள் என்றால் வாங்கலாம். ஆனால் அதில் இன்றைய தேதிதான் இருக்க வேண்டும். நவம்பர்த் தேதி போட்டுத் தரச் சொல்லாதீர்கள். அவர்களாகவே போட்டுத் தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு கெடு இருக்கிறது. தற்செயல் விடுப்பு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைக்கான கணக்கு. மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டுக்கு வராது. பின்னேற்பு ஆணை பிப்ரவரியில் வந்தால் ஏடு திருந்தும், ஆனால் திரும்பிக் கிடைத்த அந்த ஒரு சி.எல். ஏற்கெனவே காலாவதியாகி இருக்கும். அரையாண்டுத் தேர்வு வேலையில் அலுவலகம் மூழ்குவதற்கு முன், இந்த வாரமே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

ஆணை வந்தால், பதிவேட்டைத் திருத்த வேண்டியது ஹெச்.எம். சி.எல். என்பதை ஒரே கோட்டால் அடித்து, ஆணை எண்ணும் தேதியும் எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். செயலியில் உள்ள பதிவு எப்படி மாறும் என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஆணை மறுக்கப்பட்டால், என் கருத்தைக் கேட்டால், அந்த ஒரு நாளை அப்படியே விட்டுவிடுங்கள்.

### ஜனவரிக்கு இப்போதே

அடுத்த முகாம் தென்காசி மாவட்டத்தில் என்கிறீர்கள். 2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகும், நம் மனதில் எல்லாம் ஒரே நெல்லைச் சீமைதான். அலுவலகத்துக்கு அப்படி இல்லை. முகாம் எங்கே நடந்தாலும், உங்கள் பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட அதிகாரிதான் உங்களுக்கு ஆணை தர முடியும். ஆலங்குளம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் இதே போன்ற ஒரு முகாமுக்குப் பழைய பழக்கத்தில் நெல்லைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். அது சுற்றித் திரும்பி அவர் பள்ளிக்கு வந்தபோது முகாம் முடிந்திருந்தது. உங்களுக்கு நேர்மாறு. குற்றாலம் பக்கம் முகாம் நடக்கிறது என்பதற்காகத் தென்காசி அலுவலகத்தை நாட வேண்டியதில்லை. அங்குள்ள அதிகாரி முகாமுக்கே ஒப்புதல் தந்திருந்தாலும், உங்களை விடுவிக்க அது போதாது.

குறைந்தது பத்து வேலை நாள் முன்னதாகக் கொடுங்கள். இது விதி அல்ல, என் அனுபவக் கணக்கு. பள்ளியிலிருந்து மேலே போக, அங்கே ஒரு கோப்பில் ஏற, கையொப்பமாகித் திரும்பி வர அவ்வளவாவது ஆகும். நடுவில் பொங்கல் விடுமுறை வேறு வருகிறது. ஆகவே டிசம்பரிலேயே கொடுப்பதுதான் நல்லது. மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

> அனுப்புநர்: (பெயர், பதவி, பள்ளி)
>
> பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள், (ஊர்)
>
> வழி: தலைமை ஆசிரியர், (பள்ளி)
>
> பொருள்: நீர்ப்பறவைக் கணக்கெடுப்புப் பயிற்சி முகாம் – ஒரு நாள் பங்கேற்க அனுமதித்து, அந்நாளைப் பணிநாளாகக் (ஓ.டி.) கருத ஆணை வேண்டுதல் – தொடர்பாக.
>
> பார்வை: (அமைப்பின் பெயர்) கடித எண் …… நாள் ……
>
> மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,
>
> பார்வையில் காணும் கடிதத்தின்படி, …… அன்று காலை …… மணி முதல் மாலை …… மணி வரை …… என்னும் இடத்தில் நடைபெறும் பயிற்சி முகாமில் பங்கேற்க எங்கள் பள்ளிக்கு அழைப்பு வந்துள்ளது. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியராக உள்ளேன். இப்பயிற்சியைக் கொண்டு, எங்கள் ஊர்க் குளத்தில் மன்ற மாணவர்களுடன் பறவைக் கணக்கெடுப்பு நடத்த உள்ளேன். அன்றைய என் பாடவேளைகளுக்கான மாற்று ஏற்பாடு இணைப்பில் உள்ளது.
>
> அந்நாளைப் பணிநாளாகக் கருதி அனுமதி ஆணை வழங்குமாறு வேண்டுகிறேன். முகாம் நாளுக்குள் ஆணை கிடைக்காத நிலையில், ஆணை வரும் வரை அந்நாளைத் தற்செயல் விடுப்பாகக் கருதுமாறும் கேட்டுக்கொள்கிறேன். முகாம் முடிந்ததும் வருகைச் சான்றைச் சமர்ப்பிப்பேன்.
>
> இணைப்பு: 1. அழைப்புக் கடிதம் 2. மாற்றுப் பாடவேளை அட்டவணை

இதில் சில இடங்களை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். அழைப்புக் கடிதம் இரண்டு இடத்தில் வருகிறது. இணைப்பில் மட்டும் போட்டால் அது பின்னால் குத்திய ஒரு தாள். பிரிந்து போனால் போனதுதான். 'பார்வை'யில் எண்ணோடும் தேதியோடும் வந்துவிட்டால், அலுவலகத்தில் எழுதப்படும் ஆணையிலும் அதே வரி 'பார்வை'யாக ஏறும். உங்கள் அழைப்புக்கும் அவர்கள் ஆணைக்கும் கயிறு கட்டியாயிற்று.

அடுத்து, உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றிய வரி. 'எனக்குப் பறவைகளில் ஆர்வம்' என்று எழுதினால் அது சொந்த விருப்பம், அதற்குத்தான் சி.எல். இருக்கிறது என்பார்கள். மன்றப் பொறுப்பைச் சொல்லி, பயிற்சியால் பள்ளியில் என்ன நடக்கப்போகிறது என்று ஒரே ஒரு செயலைச் சொன்னால், அதிகாரி 'பள்ளி நலன் கருதி' என்று எழுத முடியும். கூந்தன்குளத்துக்குப் பட்டைத்தலை வாத்துகள் வருகிற மாதங்களில் பிள்ளைகள் கையில் நோட்டோடு குளக்கரையில் நிற்பது எனக்கும் ஆசையான காட்சிதான். ஆனால் எழுதிய அந்த வரியை நிறைவேற்றியும் ஆக வேண்டும். அடுத்த ஆண்டு இதே கோரிக்கையோடு போகும்போது, போன ஆண்டு எடுத்த கணக்குத்தான் உங்களுக்காகப் பேசும்.

பாடவேளை அட்டவணையை ஹெச்.எம். கேட்கும் முன்பே கொடுங்கள். எந்தப் பாடவேளையை யார் எடுப்பார் என்று சக ஆசிரியர்களிடம் பேசி அவர்கள் ஒப்பத்தோடு வைத்தால், 'பள்ளி நடத்த ஆளில்லை' என்ற மறுப்புக்கு இடமிருக்காது. வெளிமுகாமுக்கு விட மறுக்கும் தலைமை ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு விதி அல்ல, அந்தக் காலிப் பாடவேளைதான் கவலை.

கடைசியாக, ஆணை வராவிட்டால் தற்செயல் விடுப்பு என்ற அந்த மாற்று வரி. அது உங்கள் பாதுகாப்பு. முகாமுக்கு முந்தின நாள் வரை ஆணை வராமல் போவது சகஜம். அந்த வரி இருந்தால் நீங்கள் எப்படிப் போனாலும் அனுமதியின்றி வராதவர் ஆக மாட்டீர்கள். ஜனவரியில் புதிதாக 12 நாள் கணக்கு தொடங்கிவிடுவதால் கைவசம் சி.எல். இருக்கும். பின்னால் ஆணை வந்தால் அந்த நாள் மாறிக்கொள்ளும். ஆனால் ஒன்று, விடுப்பையும் உரிமையாகக் கேட்க முடியாது. 'அன்று ஆய்வு இருக்கிறது, வர வேண்டும்' என்று ஹெச்.எம். எழுத்தில் மறுத்தால் போகக் கூடாது.

விண்ணப்பத்தை இரண்டு படி எடுத்து, உங்கள் படியில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு ஒப்பம் வாங்குங்கள். ஹெச்.எம். சாரிடம் இதைக் கேட்பது சங்கடமாக இருந்தால், அலுவலக எழுத்தரிடம் கொடுத்துத் தபால் பதிவேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பலன் ஒன்றுதான்.

ஓ.டி. வாங்குவதில் நீங்கள் கேட்காத ஒரு பயனும் இருக்கிறது. முகாம் போகும் வழியிலோ குளக்கரையிலோ உங்களுக்கு விபத்து நேர்ந்தால், அது பணியின்போது நேர்ந்ததா, சொந்த விடுப்பில் நேர்ந்ததா என்ற கேள்வி வரும். ஆணை இருந்தால் உங்கள் பக்கம் பேச ஆதாரம் இருக்கும். மாணவர்களையும் கூட்டிப்போகும் எண்ணம் வந்தால், உங்களுக்கான ஓ.டி. ஆணை அதற்குச் செல்லாது. பெற்றோர் ஒப்புதல், பள்ளி அனுமதி எல்லாம் தனி வேலை.

### நீதிமன்றம்

ஒரு நாள் சி.எல்.லுக்காக மதுரைக் கிளைக்குப் போக நான் சொல்ல மாட்டேன். போனாலும், 'மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து முடிவு செய்க' என்று அதிகாரிக்கு உத்தரவு கிடைப்பதுதான் பெரும்பாலும் நடக்கக்கூடியது. அந்தப் பரிசீலனையைத் தபால் செலவில் இங்கேயே கேட்கலாம். ஓ.டி. தர வேண்டும் என்று நீதிமன்றம் நேரடியாகச் சொல்ல, உங்களுக்கு அதில் உரிமை இருந்திருக்க வேண்டும். ஆணை இல்லாமல் போனதால் அந்த உரிமை இந்த வழக்கில் இல்லை.

பின்னேற்பு மனு இரண்டு மூன்று மாதம் அசையாமல் கிடந்தால், நினைவூட்டுக் கடிதம் ஒன்று கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, 'என் மனு யாரிடம் என்ன நிலையில் உள்ளது' என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் இதை முதல் அடியாக வைக்காதீர்கள். ஜனவரி விண்ணப்பமும் அதே மேசைக்குத்தான் போகிறது.

வழக்கு வேறு விதமாக மாறுகிற ஓர் இடம் உண்டு. ஒரே முகாமுக்குப் போன இரண்டு ஆசிரியர்கள், இருவரும் முறையாக முன்கூட்டியே விண்ணப்பித்தவர்கள், ஒருவருக்கு ஓ.டி., மற்றவருக்குக் காரணம் சொல்லாமல் மறுப்பு என்று இருந்தால், அந்தப் பாகுபாட்டைக் கேட்கலாம். அப்படி ஏதும் நடந்தால் இரண்டு ஆணை நகல்களோடு வாருங்கள், பேசுவோம்.

ஜனவரி முகாம் அன்று மாலை, கூட்டம் கலையும் முன் அமைப்பாளரைப் பிடித்து, நேரம் குறித்த வருகைச் சான்றில் முத்திரை வாங்கிவிட்டு பஸ் ஏறுங்கள். திங்கள் காலை முதல் மணி அடிக்கும் முன் அதை ஹெச்.எம். சாரிடம் கொடுத்து, ஆணை எண்ணைப் பதிவேட்டில் அவர் எழுதுவதை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்.